விரலோரத்துச் சவ்வரிசிக் கொப்புளம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விரல்களின் பக்கவாட்டில் சவ்வரிசி மணியைப் போலச் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் எழும்பி, தூக்கம் கெடும்படி அரிப்பதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் அவை வற்றித் தோல் உரியும். "ஒழிந்தது" என்று நினைக்கும்போதே மறுபடியும் கிளம்பும். இது கரப்பான் வகையைச் சேர்ந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. ஆகவே இது வந்தவருடைய தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கி வைப்பது அநியாயம். ஆனால் விரல் இடுக்கில் அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும், அதற்கு மருந்து வேறு.

எது இதைக் கிளப்பி விடுகிறது? பால்வெட்டும் அம்மாள் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். மழைக்காலம் வந்தாலே அவருக்கு விரலோரம் கொப்புளித்துவிடும். கைக்குக் களிம்பு பூசுவார், அடங்கும், திரும்ப வரும். கடைசியில் மருத்துவர் கையைப் பார்த்தபின், "சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார். கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய்ச் சேற்றுப்புண்! காலில் பூஞ்சை இருந்தால், அதை எதிர்க்கும் உடம்பு கையில் கொப்புளத்தைக் காட்டுவதுண்டு. கையில் பூஞ்சையே இராது. காலுக்குப் பூஞ்சைக் களிம்பு போட்டு, புண் ஆறிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் பூசி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, ஈரச் சப்பாத்தை மாற்றிய பிறகே கை அடங்கிற்று. கைக்குக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைக் காலில் பூசிவிடாதீர்கள். பூஞ்சை அதில் பரவும்.

எல்லோருக்கும் காரணம் காலில் இல்லை. வியர்வையும் வெப்பமும் கிளப்பும். ஓயாமல் தண்ணீரிலும் சோப்பிலும் கை நனைவதும் கிளப்பும். தண்ணீரையே தொடாத கிராணிமாருக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் கவலையும் தூக்கமின்மையுமே போதும்! சிலருக்கு நிக்கல் கலந்த மோதிரமும் நாணயமும் ஆகாது. கையைக் காக்க ரப்பர் கையுறை மாட்டுகிறோம். உள்ளே வியர்த்து அதுவே கெடுக்கும். ரப்பரைப் பதமாக்கச் சேர்க்கும் ரசாயனமும் சிலருக்கு ஒவ்வாது. நாம் வெட்டிய பால்தான், என்ன செய்வது! உள்ளே பருத்திக் கையுறை போட்டு, நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். குளிர்ந்த நீரில் துணியை நனைத்துக் கால்மணி நேரம் சுற்றி வைத்தால் அரிப்புத் தணியும். பிறகு ஒற்றித் துடைத்து வாஸ்லின் தடவலாம். ஆசிட்டும் அமோனியாவும் புழங்கும் ஸ்டோர்க்காரர்கள் தோல் உரிந்த கையோடு அவற்றைத் தொடக்கூடாது. அந்த நாட்களுக்கு வேறு வேலை கேட்டு வாங்க வேண்டும். கொப்புளத்தில் சீழ் வைத்து, வலி கூடி, கையில் சிவப்புக் கோடு ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது காலையும் காட்டுங்கள்.