எஸ்.கே. என்பது யாது?

வேலம்பாளையத்து உதவி மேசையில் அமர்ந்திருந்த, ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் ஒருவரின் கதையை நாம் சொல்ல விழைகின்றோம். கதை 2018இல் நிகழ்வது.

வேலையை விட்ட வங்காளத் தையல் தொழிலாளி ஒருவரின் வைப்புநிதி விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆதாரில் பெயருக்கு முன் 'எஸ்.கே.', கம்பெனிப் பதிவில் அவ்வெழுத்துகள் இல்லை. இனிஷியல்தானே என்று நம்மவர்கள் விட்டுவிட்டனர். ஆசிரியரும் அவ்வாறே எண்ணினார்.

"தந்தையார் பெயர்?"

"ரஹீம்."

"பின்னர் எஸ் ஏது, கே ஏது?"

"ஷேக் என்பதைத்தான் எங்களூரில் அப்படிச் சுருக்கி எழுதுவோம், சாச்சா."

ஆசிரியர் மூன்றாம் விண்ணப்பத்தை எழுதவில்லை. பெயர்த் திருத்தத்திற்கான கூட்டு உறுதிமொழியை எழுதி, வரிவரியாக உருதுவில் விளக்கிய பின்னரே கையொப்பம் வாங்கினார். அப்போது முதலாளியின் ஒப்பமும் வேண்டியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு உடன் நடந்தார்.