பாவாடையில் மடிப்பு, தாவணியில் முந்தி



ஜவுளிக்கடைக்குள் போய் இன்று பாவாடை தாவணி வேண்டும் என்று கேட்டால், ‘ஹாஃப் சாரி செட்’ என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வைக்கிறார்கள். பாவாடை, ரவிக்கை, தாவணி மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கும். பார்க்க ஓர் உடை போலத்தான் தெரியும். ஆனால் தையல் தெரிந்தவர்கள் கண்ணுக்கு அது மூன்று தனித்தனித் துணி. மூன்றுக்கும் தைக்கும் விதம் வேறு, ஆயுள் வேறு, உறுப்புகளின் பெயர்களும் வேறு. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு, இந்த உடை எப்படி உருவாகிறது என்பதை இன்று பார்க்கலாம்.

முதலில் பாவாடை. உள்ளே கட்டுவதையும் பாவாடை என்கிறோம், வெளியே தெரியக் கட்டுவதையும் பாவாடை என்கிறோம். சேலைக்குள் கட்டுவது உள்பாவாடை. நாம் பேசப்போவது வெளியே கட்டும் பாவாடையைப் பற்றி. அதன் மேல்விளிம்பு இடுப்புப் பட்டி. பட்டிக்குள் ஓடுவது நாடா. பட்டியிலிருந்து சுருக்கு வைத்தோ மடிப்பு வைத்தோ இறங்கும் விரிவைக் கொசுவம் என்பார்கள். அடியில் ஓடுவது கரை. பட்டுப் பாவாடை என்றால் சரிகைக் கரை.

சின்னக் குழந்தைக்கு இடுப்பில் நாடா நிற்காது. ஓடியாடும்போது பாவாடை நழுவிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பருத்தித் துணியில் கை இல்லாத ஒரு சின்ன மேற்பகுதி தைத்து, பாவாடையை அதோடு சேர்த்துவிடுவார்கள். அதற்குப் ‘பாடி’ என்று பெயர். ‘பாடி வச்சுத் தைங்க’ என்று சொன்னால் தையற்காரருக்குப் புரிந்துவிடும். பாரம் முழுவதையும் தோள் தாங்கிக்கொள்ளும். அதன் மேல் சட்டை போட்டுவிட்டால் பாடி வெளியே தெரியாது. ஐந்தாறு வயதுக்கு மேல் இடுப்பு நிலைத்த பிறகு பாடியைப் பிரித்துவிட்டு, நாடாவுக்கு மாறலாம்.

இந்தப் பாவாடையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் மடிப்பைத்தான் காட்டுவேன். ‘டக்’ என்று தையற்காரர்கள் சொல்லும் குறுக்கு மடிப்பு. கரைக்குச் சற்று மேலே, பாவாடையைச் சுற்றி வரிவரியாக இரண்டோ மூன்றோ மடிப்பு பிடித்துத் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் வைத்தது இல்லை. பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து, பாவாடையை இறக்குவதற்காக வைத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு வயதுப் பெண். இடுப்பு 22 அங்குலம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 28 அங்குலம். அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஒன்றில் அவளுக்குப் பாவாடை தைக்க வேண்டும். சேலையின் பன்னா, அதாவது அகலம், 46 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சேலையின் அகலம்தான் பாவாடையின் உயரமாக நிற்கும். சேலையின் நீளம் இடுப்பைச் சுற்றிப் போகும். அப்படி வைத்தால்தான் சேலையின் கரை அப்படியே பாவாடையின் கரையாக அடியில் வட்டமாகச் சுற்றி வரும். கரையின் ஓரம் தறியிலேயே முடிந்த ஓரம், நூல் பிரியாது. அதனால் அடியில் மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை.

நமக்கு வேண்டியது 28 அங்குலம். பட்டியோடு சேர்த்துத் தைக்க ஓர் அங்குலம். பிறகு ஓர் அங்குல ஆழத்தில் மூன்று மடிப்பு. ஓர் அங்குல மடிப்புக்குத் துணி இரண்டு அங்குலம் பிடிக்கும், போய்த் திரும்ப வேண்டும் இல்லையா? ஆக மூன்று மடிப்புக்கு ஆறு அங்குலம். மொத்தம் 35. அந்த உயரத்தில் வெட்டினால், மேலே 11 அங்குலத் துண்டு மிஞ்சும். அந்தத் துண்டில் சேலையின் மறுகரை இருக்கிறது. அது சட்டையின் கைக்குப் போகும். கைக்கரையும் பாவாடைக் கரையும் ஒரே மாதிரி அமைவது இப்படித்தான்.

சுற்றளவுக்கு இரண்டரை மீட்டர், சுமார் 98 அங்குலம் எடுக்கலாம். 22 அங்குல இடுப்புக்கு அது நாலரை மடங்கு. பட்டு கனமாக இருந்தால் சுருக்கு வைக்கக் கூடாது. இடுப்பில் மூட்டை கட்டியது போல ஆகிவிடும். தட்டை மடிப்பாகப் பிடிக்க வேண்டும்.

இனி பிரிக்கும் காலம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை, இடுப்புக்குக் கீழே ஆண்டுக்கு ஒன்றரை அங்குலம் போல வளர்ச்சி இருக்கும். ஒரு மடிப்பைப் பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும். ஓர் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். மூன்று மடிப்பும் பிரிந்து முடியும்போது பாவாடை 34 அங்குலம். பெண்ணுக்கும் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். இடுப்பு பெருத்தாலும் கவலை இல்லை. பட்டியை விட்டுத் தைத்திருந்தால் நாடா பார்த்துக்கொள்ளும்.

இதில் தவறு நேரும் இடமும் இந்த மடிப்புதான். பொடித் தையலாக மெஷினில் அடித்துவிட்டால், பிரித்த பிறகு பட்டில் ஊசித்துளை வரிசையாகத் தெரியும். வெளியே இருந்த துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இருந்த துணி பழைய நிறத்திலேயே இருக்கும். பிரித்ததும் பாவாடையைச் சுற்றி அடர்ந்த நிறத்தில் ஒரு வளையம் நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் மடிப்பைக் கையால், பெரிய ஓட்டுத் தையலாகப் போடுவார்கள். கரையை ஒட்டியே வைப்பார்கள். அங்கே சரிகையின் பளபளப்பு அந்த வளையத்தைக் கொஞ்சம் மறைக்கும்.

பழைய சேலையில் இன்னொரு ஆபத்து, பட்டு நைந்திருப்பது. ஆண்டுக்கணக்காக ஒரே மடிப்பில் பெட்டியில் கிடந்த சேலை, அந்த மடிப்புக்கோட்டில்தான் முதலில் விடும். வெட்டுவதற்கு முன்னால் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோடு கோடாக ஒளி தெரிந்தால், அந்த இடத்தை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்தப் பகுதி இடுப்புக்கு வரக்கூடாது. இழுவை முழுவதும் அங்கேதான் விழும். அடிக்கரை எது என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம். சேலையின் இரண்டு கரைகளில் ஒன்று தரையில் உரசித் தேய்ந்திருக்கும், மற்றது இடுப்பில் செருகி வேர்வை பட்டிருக்கும். எது திடமாக இருக்கிறதோ அது பாவாடைக்கு.

அடுத்தது மேலே போடுவது. பாவாடை சட்டைப் பருவத்தில் அது சட்டை. இடுப்புப் பட்டியை மூடும் அளவுக்கு நீளமாக இருக்கும். கொக்கி பெரும்பாலும் முதுகுப் பக்கம். தாவணி போடத் தொடங்கியதும் அது குட்டையாகி, கொக்கி முன்பக்கம் வந்து, ரவிக்கை என்றோ ஜாக்கெட் என்றோ பெயர் மாறும். மூன்று துணிகளில் ஆயுள் குறைந்தது இதுதான். பாவாடையைப் போல இதை இறக்க முடியாது. பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்தால் ஒருமுறை பிரித்து விடலாம். அக்குளும் தோளும் பிடிக்க ஆரம்பித்துவிட்டால் புதிதாகத்தான் தைக்க வேண்டும்.

இனி தாவணி. பெண் பெரியவளான பிறகு போடுவது என்பது நம் வழக்கம். மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் சீராகப் புதுத்துணி வருவதும் இந்தப் பருவ மாற்றத்தை ஒட்டித்தான். தெலுங்கர்களிடம் இதற்கு லங்கா ஓணி என்று பெயர். லங்கா பாவாடை, ஓணி தாவணி. கன்னடத்தில் லங்க தாவணி.

தாவணியில் தையலே கிடையாது, ஓரம் அடிப்பதைத் தவிர. அதன் பகுதிகளுக்குப் பெயர் கொடுப்பது, உடம்பில் அது எங்கே நிற்கிறது என்பதுதான். மார்புக்குக் குறுக்கே போகும் பகுதி மாராப்பு, சில ஊர்களில் மேலாக்கு. தோளுக்குப் பின்னால் தொங்குவது முந்தானை, பேச்சில் முந்தி. தலைப்பு என்று சொல்லும் வீடுகளும் உண்டு. தோளில் மடிப்பைப் பிடித்து நிறுத்துவது ஊக்கு.

தாவணிக்கு ஏன் இரண்டரை மீட்டர்? அதையும் உடம்பை வைத்தே அளந்துவிடலாம். ஒரு முனையை இடுப்பில், முன்பக்கம் இடதுபுறமாகச் செருகுகிறோம். அங்கே சில மடிப்பு வைக்க 30 சென்டிமீட்டர் போகட்டும். பிறகு முதுகுப் பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் கொண்டுவர 50. அங்கிருந்து மாராப்பாக இடது தோளுக்கு ஏற 65. தோளிலிருந்து பின்னால் முழங்கால் வரை முந்தி இறங்க 105. கூட்டினால் 250. முழுச் சேலை சுமார் ஐந்தரை மீட்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சேலை கட்டும்போது கடைசியில் வரும் சுற்றும் இதே பாதையில்தான் போகிறது. முன்னால் கொசுவம் வைக்கும் வேலையைப் பாவாடை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் தாவணி போட்டுப் பழகிய பெண்ணுக்குச் சேலையின் மேல்பகுதி தானாகக் கைக்கு வந்துவிடும். புதிதாகக் கற்க வேண்டியது கொசுவம் மட்டும்.

இரண்டு மீட்டரில் தாவணி வெட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. முந்தி இடுப்பளவில் நின்றுவிடும். மாராப்பு தளர்ந்தால் இழுத்துச் சரிசெய்யத் துணி இருக்காது. பள்ளியில் தாவணி சீருடையாக இருந்த காலத்தில், நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் இருந்த பெண்களுக்கு இந்த அரை மீட்டரின் அருமை நன்றாகத் தெரியும்.

இப்போது ‘செட்’டுக்கு வருவோம். பல செட்களில் பாவாடை, லெஹங்கா போல மேலே குறுகி அடியில் விரியும் துண்டுகளை இணைத்துத் தைத்தது. கரை தனியாக ஒட்ட வைத்தது. விரிந்து நிற்க உள்ளே விறைப்பான வலையும் இருக்கும். ஆடும்போது அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் மடிப்பு பிடிக்க முடியாது. மேலிருந்து கீழே விரியும் துணியில் மடித்தால், ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக நின்று சுருங்கும். ஆகவே அதை இறக்கவும் வழியில்லை. வளரும் பெண்ணுக்கு ஒரு விழாவோடு அந்தப் பாவாடையின் வேலை முடிந்துவிடுகிறது.

வாங்கும்போது பாவாடையைப் புரட்டி உட்பக்கம் பாருங்கள். கரை துணியோடு சேர்ந்து நெய்ததா, மேலே வைத்துத் தைத்ததா என்பது தெரிந்துவிடும். இடுப்பிலிருந்து அடிவரை ஒரே துணியாக, நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், உங்கள் பெண்ணின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான அளவைவிட ஆறு அங்குலம் நீளமான பாவாடையாகக் கேட்டு வாங்கி, தெருமுனைத் தையற்கடையில் கொடுத்து, ‘கரைக்கு மேலே மூணு டக், கையால ஓட்டுத் தையல்’ என்று சொல்லுங்கள். அரைநாள் வேலைதான்.