தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பக்கம் எரிகிறது

(மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



அக்கியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அக்கி என்றால் கொப்புளம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பேசப்போவது கொப்புளம் வருவதற்கு முந்திய இரண்டு மூன்று நாளைப் பற்றி. அந்த நாட்களில் தோல் சுத்தமாக இருக்கும், ஆனால் வலி உயிரை வாங்கும். வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கணக்கப்பிள்ளை, "வேலைக்குப் போகப் பிடிக்கவில்லையா?" என்று கேட்பார்.

நான் பார்த்த ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். ஐம்பது வயது கடந்தவர், கொழுந்து எடுக்கிறவர். ஒரு திங்கட்கிழமை காலை டிஸ்பென்சரிக்கு வந்தார். "டாக்டர் ஐயா, முந்தாநாள் ராத்திரியிலிருந்து வலது பக்க விலாவில் நெருப்பு வைத்தமாதிரி எரியுது. கூடையைத் தூக்கும்போது பிடிச்சிக்கிச்சு போல" என்றார். எங்கே என்று காட்டச் சொன்னேன். முதுகில் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, விலாவோடு சுற்றிக்கொண்டு வந்து, மார்புக்குக் கீழே நடுவில் நிறுத்தினார். ஒரு பட்டி கட்டினதுபோல, சுமார் நாலு விரல் அகலம். நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் போகவில்லை.

சுளுக்கு என்றால் அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும், உடம்பைத் திருப்பினால் வலிக்கும். இவருக்கு அழுத்தியபோது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து மெதுவாகத் தடவினேன். துள்ளிவிட்டார்! இடது பக்கம் அதே பஞ்சைத் தடவியபோது பஞ்சு மாதிரிதான் தெரிந்தது. "ரவிக்கை பட்டாலே தாங்க முடியல, இடுப்பில் படங்கு கட்ட முடியல" என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். இந்தச் சங்கதியை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். துணி பட்டால் எரிகிறது, அழுத்தினால் அவ்வளவு இல்லை என்றால், வலி சதையில் இல்லை, நரம்பில் இருக்கிறது.

ஏன் அப்படி? சின்ன வயதில் நமக்கெல்லாம் கொப்புளிப்பான் வந்திருக்கும். அம்மை போட்டிருக்கு என்று வேப்பிலை கட்டியிருப்போம். அது ஆறினாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு நரம்பின் அடியிலும் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதற்குள் போய் ஒளிந்து பல வருடம் தூங்கும். வயது ஏறும்போதோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ, ஒரு முடிச்சில் உள்ள கிருமி எழும்பிவிடும்.

மலை உச்சித் தாங்கியிலிருந்து பெரிய குழாய் கீழே வருகிறது. அதிலிருந்து ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு சின்னக் குழாய் பிரிகிறது. அதுபோல முள்ளந்தண்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நரம்பு பிரிந்து, விலாவோடு முன்னுக்கு வருகிறது. ஒரு நரம்பு மார்புக்காம்பு மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று தொப்புள் மட்டத்தை. வலது பக்கத்து நரம்பு வலது பக்கத்தோடு சரி. ஆகவேதான் வலி ஒரு பக்கப் பட்டியாக வருகிறது.

எழும்பின கிருமி முதலில் முடிச்சுக்குள்ளேயே பெருகி நரம்பைப் புண்ணாக்குகிறது. வலி அப்போதே தொடங்கிவிடும். பிறகு நரம்பு வழியாக ஊர்ந்து தோலுக்கு வந்துசேரச் சில நாள் எடுக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஐந்து நாள், எப்போதாவது அதைவிடக் கூட. சிலருக்கு எரிச்சலுக்குப் பதிலாக அரிப்பு, ஊசி குத்துவது போன்ற சுருக்சுருக், அல்லது மரத்துப்போனது போல இருக்கும். லேசான காய்ச்சல், தலைவலி, உடம்பு அலுப்பும் சேரலாம்.

அந்த அக்காவிடம், "இது அக்கியாக இருக்கலாம், இன்றைக்கு நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றுதான் சொன்னேன். தோலில் ஒன்றும் வராதவரைக்கும் எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. விலாவில் எரிகிறது என்றவுடன் அக்கி என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக் கல்லும் வலிக்கும். அது எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும். சிறுநீரகக் கல் என்றால் விலாவிலிருந்து அடிவயிறு, தொடை இடுக்குவரை இழுத்துக்கொண்டு, அலை அலையாக வரும், ஆளைச் சுருட்டிப் போடும், சிறுநீரில் இரத்தம் கலக்கலாம். இந்த அக்காவின் சிறுநீரைப் பார்த்தேன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை.

இடது பக்கத்து நெஞ்சுவலி வேறு விஷயம். அதை அக்கி என்று எண்ணிக்கொண்டு யாரும் வீட்டில் இருக்க வேண்டாம். நெஞ்சை இறுக்கிப் பிடித்ததுபோல இருந்தால், மேட்டில் ஏறும்போது கூடினால், வியர்த்துக் கொட்டினால், கைக்கோ தாடைக்கோ ஏறினால், மூச்சு வாங்கினால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய வண்டியைக் கூப்பிடுங்கள். இசிஜி எடுத்து இருதயம் நல்லது என்று தெரிந்த பிறகு அக்கியைப் பற்றி யோசிப்போம். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

அக்காவுக்குப் பெனடோல் கொடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அவ்வளவும் எடுக்கக்கூடாது. தைலம் போட்டுத் தேய்க்க வேண்டாம், வெந்நீர்ப் போத்தல் வைக்க வேண்டாம் என்றேன். ஏற்கெனவே எரிகிற நரம்பின்மேல் தைலம் பட்டால் எரிச்சல் கூடும். பிறகு தோல் சிவந்தால், தைலத்தால் வெந்ததா, அக்கியா என்று பார்க்கிறவருக்கே குழப்பம் வரும். மருந்தடிக்கிற அண்ணன்மாருக்கும் இதே குழப்பம் உண்டு. முதுகில் டேங்க் கசிந்து தோல் வெந்துவிட்டது என்பார்கள். மருந்து கசிந்த இடம் வார் பட்ட இடமாக, நனைந்த இடமாக இருக்கும். முள்ளந்தண்டில் தொடங்கி நெஞ்சு நடுவில் அளந்து வைத்ததுபோல நிற்காது.

நான் அவருக்குச் சொன்ன முக்கியமான வேலை ஒன்றுதான்: காலையும் மாலையும் வெளிச்சத்தில் தோலைப் பார்க்க வேண்டும். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது, ஆகவே மகளைப் பார்க்கச் சொன்னேன். நம் லயத்துக் காம்பராவில் வெளிச்சம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முதுகு, விலா, மார்புக்குக் கீழ் மடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

செவ்வாய் ஒன்றுமில்லை. புதன்கிழமை காலை முதுகில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு சிவப்பு. மகள் மூட்டைப்பூச்சிக் கடி என்று நினைத்திருக்கிறார். மாலையில் மார்புக்குக் கீழேயும் ஒரு சிவப்பு, அதன்மேல் கடுகு மாதிரி நீர் நிறைந்த கொப்புளங்கள், கூட்டமாக. புதன் இரவே எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். வியாழன் காலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

இந்த அவசரம் எதற்கு? இதற்கு மருந்து இருக்கிறது, அசைக்ளோவிர் என்று பெயர். அது கிருமி பெருகுவதைத் தடுக்கும், பெருகி முடிந்ததை அழிக்காது. ஆகவே தோலில் முதல் அடையாளம் தெரிந்து 72 மணித்தியாலத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். கணக்கு வலி தொடங்கிய நாளிலிருந்து இல்லை, தோலில் கண்ட நேரத்திலிருந்து. அக்காவுக்குப் புதன் காலையிலிருந்து கணக்கு; வியாழன் பகலில் முதல் குளிசை விழுந்துவிட்டது. மூன்று நாள் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்க வேண்டாம். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் டாக்டர் மருந்து கொடுக்கக்கூடும்.

பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள். விழித்திருக்கிற நேரத்தில் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மலையில் நிற்கிறவர்கள் இங்கேதான் தவறவிடுவார்கள்; பத்து மணிக் குளிசையைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போக வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், ஆகவே அதை மறக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரின் மிச்சக் குளிசையைப் போடுவதும் வேண்டாம்.

பிந்தினால் என்ன? கொப்புளம் எப்படியும் பத்து நாளில் பொருக்குத் தட்டும், மாதத்துக்குள் ஆறும். வலிதான் நிற்காமல் போகலாம். அறுபது கடந்தவர்களுக்கு, தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அந்தப் பட்டி எரியலாம். அதற்குப் பெனடோல் அவ்வளவாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்று தனி மருந்து உண்டு, கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டும். நேரத்துக்கு மருந்து தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் ஆறும், அந்த நாட்களின் வலியும் குறையும். பிந்திய வலியே வராது என்று உறுதி சொல்ல மாட்டேன்.

அக்கிக்குக் காவி பூசி எழுதுவது பெரியவர்கள் வழக்கம். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் காவி நரம்புக்குள் போகாது. உடைந்த கொப்புளத்தில் பூசினால் சீழ் பிடிக்கும், அடியில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. எழுதுகிறவரைத் தேடிப் போகிற நாள் அந்த மூன்று நாளில் ஒன்று. இன்னொரு பேச்சு, அக்கி சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் போய்விடும் என்பது. ஒரு நரம்பு ஒரு பக்கத்தோடு முடிகிறது, அது எப்படிச் சேரும்? இரண்டு பக்கமும், உடம்பெல்லாமும் பரவினால் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெற்றியில், கண்ணருகில், மூக்கு நுனியில் வந்தாலும் அப்படியே, பார்வை போகலாம்.

கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டார், "ஒரே காம்பராவில் இருக்கிறோம், எங்களுக்கும் ஒட்டுமா?" என்று. வலி மட்டும் இருக்கிற நாட்களில் ஒட்டாது. கொப்புளம் வந்த பிறகு, அந்த நீர் பட்டால், இதுவரை கொப்புளிப்பான் வராதவருக்குக் கொப்புளிப்பான் வரும், அக்கி வராது. ஆகவே எல்லாம் பொருக்குத் தட்டும்வரை சுத்தமான துணியால் மூடிவைக்க வேண்டும், துவாயைத் தனியாக வைக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளி வைக்க வேண்டும், பிள்ளைக்காம்பரா பக்கம் போகக்கூடாது. அந்த அக்காவின் மருமகள் ஏழு மாதம். தனக்குச் சின்னதில் அம்மை போட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. ஆகவே பொருக்கு விழும்வரை தாய் வீட்டுக்குப் போய் இருந்தார், கிளினிக்கிலும் சொல்லிவைத்தார்.