‘இந்தியா’வில் எழுதினார்



“பாரதி இந்தியாவில் எழுதினார்.” இதை நான் ஒலிவாங்கி முன் சொன்னால் இரண்டு பொருள் படும். இந்தியா என்ற நாட்டில் இருந்துகொண்டு எழுதினார் என்பது ஒன்று. ‘இந்தியா’ என்ற வாரப் பத்திரிகையில் எழுதினார் என்பது இன்னொன்று. பத்திரிகையைத்தான் சொல்கிறேன். 1908 முதல் 1910 வரை அது நம் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசின் கைக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு வந்துதான் பாரதி அதை நடத்தினார். அதே காலத்தில் இங்கிருந்து ‘விஜயா’, ‘சூர்யோதயம்’, ‘கர்மயோகி’ என்ற இதழ்களும் வந்தன. “விஜயா நின்றுபோனது” என்று குறியில்லாமல் அச்சடித்தால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். “சூர்யோதயம் நின்றுபோனது” என்று அடித்தால் இன்னும் அதிகமாகத் தடுமாறுவார்.

பேச்சில் குரலை நிறுத்திச் சமாளித்துவிடலாம். தாளில் அந்த வேலையைச் செய்வது இரண்டு சின்னக் குறிகள், ஒரு மேற்கோள் திறப்பு, ஒரு மேற்கோள் முடிப்பு. ஆங்கிலப் பக்கத்தில் இந்தக் குறி பெரும்பாலும் இருக்காது. பத்திரிகைப் பெயரை அவர்கள் சாய்வெழுத்தில் போடுவார்கள். முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. சாய்வெழுத்தும் நமக்கு இயல்பாக வளர்ந்ததல்ல. பல எழுத்துருக்களில் நேரான எழுத்தைக் கணினி ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். கொம்பும் சுழியும் கோணிக்கொண்டு நிற்கும். ஆகவே ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ்ப் பக்கத்துக்குக் கொண்டுவரும்போது முதல் வேலை, மூலத்தில் சாய்ந்திருக்கும் சொற்களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்வது. கோப்பை வெறும் எழுத்தாக நகலெடுத்து ஒட்டினால் சாய்வு போய்விடும். போனது போனதாகவே தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ‘இல்’ என்பதற்கு ஈடான சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். நமக்கு அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு வகர உடம்படுமெய்யும் வரும். ‘இந்தியா’ என்று குறியை மூடிவிட்டு, வெளியே இடைவெளி விடாமல் ‘வில்’ என்று தொடர வேண்டும். பத்திரிகையின் பெயர் ‘இந்தியா’ வரைக்கும்தான், உருபு நம் வாக்கியத்துக்கு உரியது.

ஆங்கிலப் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். மூடும் குறிக்குப் பின்னால் எழுத்து வந்தால் அங்கே இடைவெளி விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, கோப்பு முழுவதும் ஒரே கட்டளையில் இடைவெளி சேர்த்துவிடுகிறார்கள். உடனே ‘இந்தியா’ தனியாகவும் ‘வில்’ தனியாகவும் நிற்கும். வரி முடிவு அந்த இடத்தில் விழுந்தால் அடுத்த வரி ‘வில்’ என்று தொடங்கும், அம்போடு போகிற வில்லைப் போல. பெயர் நீளமாக இருந்தாலோ புணர்ச்சி முரடாக இருந்தாலோ நான் வேறு வழியைப் பரிந்துரைப்பேன். “‘கர்மயோகி’ இதழில்” என்று ஒரு சொல்லை நடுவில் வைத்துவிடலாம். உருபு அந்தச் சொல்லோடு போய்விடும், குறியும் சுத்தமாக மூடிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பெயர்களைப் பற்றி. பேச்சை மேற்கோள் காட்டுவது இதைவிட நுட்பமான காரியம். இதற்கும் நம் ஊர்க்காரர் ஒருவரையே துணைக்கு அழைக்கிறேன். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசு வெளியிட்டது. பிள்ளை காலத்துத் தமிழ்க் கையெழுத்தில் மேற்கோள்குறி கிடையாது. தேவையும் இல்லை. யார் என்ன சொன்னாலும் அந்தப் பேச்சு முடியும் இடத்தில் ‘என்று’ வந்து நின்றுவிடும்.

ஆனால் ‘என்று’ முடிவைத்தான் காட்டும். பேச்சு எங்கே தொடங்கியது என்பதைக் காட்டாது. நானே ஒரு வாக்கியம் சொல்கிறேன்: துரை நான் நாளைக்குப் போகிறேன் என்று சொன்னார். இதில் போகிறவர் யார்? ‘நான்’ என்பதற்கு முன்னால் குறி திறந்தால் துரையே போகிறார். ‘நாளைக்கு’ என்பதற்கு முன்னால் திறந்தால், துரை என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாரோ என்ற குழப்பம் வரும். சில இடங்களில் ‘துரை’ என்ற சொல்கூடக் குறிக்குள் இருக்கலாம். துரையை விளித்து வேறொருவர் பேசியதாக இருக்கலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர் ஒவ்வொரு ‘என்று’விலிருந்தும் பின்னோக்கி நடந்து திறக்கும் இடத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் குறியே போடாமல், சொன்னதன் சாரத்தை அயற்கூற்றாகத் தருவதுதான் நேர்மை. மூலத்தில் இல்லாத குறியைப் போட்டால், இன்னார் இன்ன சொல்லையே வாய்விட்டுச் சொன்னார் என்று நாம் சாட்சி சொல்கிறோம் என்று பொருள்.

எதிர்த்திசையில், ஆங்கிலத்திலிருந்து வரும்போது, ‘அவர் சொன்னார்’ என்பது முன்னால் வரும், அதன் பின் ஒரு காற்புள்ளி, அதன் பின் பேச்சு. அதை அப்படியே வைத்து “அவர் சொன்னார், நான் வருகிறேன்” என்று எழுதுவதை இப்போது நிறையப் பார்க்கிறேன். அந்தக் காற்புள்ளி செய்யும் வேலையைத்தான் தமிழில் ‘என்று’ செய்கிறது. அமெரிக்க முறையில் பேச்சின் கடைசிக் காற்புள்ளி குறிக்கு உள்ளேயே இருக்கும். மொழிபெயர்த்த பிறகும் அது உள்ளே ஒட்டிக்கொண்டு வரும். எடுத்துவிடுங்கள். கேள்விக்குறி மட்டும் பேச்சுக்கு உரியது, அது உள்ளே இருக்கட்டும். “வருகிறாயா?” என்று கேட்டார். இந்த வாக்கியத்துக்குள் காற்புள்ளிக்கு வேலையே இல்லை.

இனி பிரெஞ்சு. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். திருமண அழைப்பு, நினைவு மலர், சங்க ஆண்டறிக்கை எல்லாம் மும்மொழியில் வருகின்றன. பிரெஞ்சுக்காரர்களுடைய மேற்கோள்குறி கோண வடிவம், « என்று திறந்து » என்று மூடும். உள்ளே இரு பக்கமும் ஒரு இடைவெளி உண்டு. அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி ஆகியவற்றுக்கு முன்னாலும் ஒரு இடைவெளி உண்டு. அது சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாத இடைவெளி. சாதாரண இடைவெளியைத் தட்டினால், குறுகிய பத்தியில் கேள்விக்குறி மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ்ப் பக்கத்தில் இந்த இடைவெளிகள் ஒன்றுகூட வேண்டாம். ஆனால் எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பது முக்கியம். பலர் முதலில் கோணக் குறியை நம் குறியாக மாற்றிவிடுகிறார்கள். உள்ளே இடைவெளி அப்படியே கிடக்கிறது. கணினி மேற்கோள்குறியை வளைக்கும்போது அதற்கு முன்னால் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இடைவெளி இருந்தால் திறப்பு, எழுத்து இருந்தால் மூடல். ஆகவே மூட வேண்டிய இடத்திலும் திறக்கும் குறி வந்துவிடும். முதலில் இடைவெளியை நீக்குங்கள், அதன் பிறகு குறியை மாற்றுங்கள். வேர்டு மென்பொருளில் மறைந்த குறிகளைக் காட்டச் சொன்னால் சாதாரண இடைவெளி ஒரு புள்ளியாகவும், உடையாத இடைவெளி ஒரு சின்ன வட்டமாகவும் தெரியும், கண்டுபிடிப்பது கடினமில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஒற்றை மேற்கோளை ஒரே கட்டளையில் கோப்பு முழுவதும் மாற்றாதீர்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு மேலே நிற்கும் சுருக்கக் குறியும் மூடும் ஒற்றை மேற்கோளும் ஒரே உருவம். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

பழைய கோப்புகளில் இதைவிடப் பெரிய சேதம் நடக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் ஈழத் தமிழர் நடுவிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி என்ற எழுத்துரு பெரிதும் புழங்கியது. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். ‘அம்மா’ என்று வர, எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகளை அடிக்க வேண்டும். ஆம், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி அங்கே கணினியைப் பொறுத்தவரை அரைப்புள்ளி. இப்படிப்பட்ட தமிழும் பிரெஞ்சும் கலந்த கோப்பில், அரைப்புள்ளிக்கு முன் இடைவெளி சேர் என்று ஒருவர் கட்டளை கொடுத்தால் பிரெஞ்சு ஒழுங்காகிவிடும். தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தன் புள்ளியை விட்டு விலகி நிற்கும். இதற்குத் தீர்வு, குறிகளைத் தொடுவதற்கு முன்பே தமிழ்ப் பகுதியை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. மாற்றிய பிறகு தமிழ்ப் பகுதிக்குத் தமிழ் என்றும் பிரெஞ்சுப் பகுதிக்குப் பிரெஞ்சு என்றும் மென்பொருளில் மொழியைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரெஞ்சு என்று குறிக்கப்பட்ட பத்தியில் நீங்கள் தமிழில் வியப்புக்குறி தட்டினாலும் கணினி தானாக முன்னால் இடைவெளி வைக்கும்.

பிரெஞ்சுப் பக்கத்தில் துரை கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ‘துரை கேட்டார்’, அதன் பின் இடைவெளியோடு முக்காற்புள்ளி, அதன் பின் கோணக் குறிக்குள் ‘இந்தியா வந்துவிட்டதா’, அதன் பின் இடைவெளியோடு கேள்விக்குறி. பத்திரிகைப் பெயர் சாய்ந்திருக்கிறது. தமிழில் முக்காற்புள்ளி போகும். கோணக் குறி இரட்டை மேற்கோளாகும். இடைவெளிகள் நீங்கும். சாய்வுக்குப் பதில் ஒற்றை மேற்கோள் வரும். ‘என்று’ சேரும், துரை பின்னால் போவார்: “‘இந்தியா’ வந்துவிட்டதா?” என்று துரை கேட்டார்.

தொடக்கத்தில் இரட்டையும் ஒற்றையும் அடுத்தடுத்து வந்து மூன்று கோடாக நெருங்கி நிற்பதைக் கவனியுங்கள். சிறிய எழுத்தில் அச்சானால் அவை ஒன்றாகக் கலங்கும். அந்த ஓரிடத்தில் மட்டும், பிரெஞ்சில் நாம் நீக்கிய அதே உடையாத மெல்லிய இடைவெளியை இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். உங்கள் தமிழ் எழுத்துருவில் அந்த இடைவெளி இல்லாமல் கட்டம் தோன்றினால், எழுத்துகளின் இடைத்தூரத்தை அங்கே மட்டும் கையால் சற்றுக் கூட்டுங்கள். பிறகு திரையில் பார்த்து விட்டுவிடாமல், பத்தியின் உண்மையான அகலத்தில் ஒரு புரூஃப் எடுத்து, ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். தனியே வந்து நிற்கும் கேள்விக்குறியும் தனியே வந்து நிற்கும் ‘வில்’லும் அந்த ஓரத்தில்தான் அகப்படும்.