501-ஆவது யூனிட்டின் விலை
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

திரையில் தெரிவது நம் குடியிருப்பில் உள்ள ஒரு வீட்டின் மின்கட்டண ரசீது. வீட்டுக்காரர் செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "நான் போட்ட கணக்கில் 1923 ரூபாய்தான் வருகிறது. ரசீதில் 2158 என்று இருக்கிறதே?" என்பது அவர் கேள்வி.

முதலில் யூனிட்டைப் பார்ப்போம். தற்போதைய அளவீடு 18856, முந்தைய அளவீடு 18342. கழித்தால் 514 யூனிட். படத்தில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியலாம். அதனால் முந்தைய அளவீடு, போன ரசீதின் தற்போதைய அளவீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மீட்டரையே படம் எடுத்தால், திரையில் மாறி மாறி வரும் எண்களில் kWh என்று காட்டுவதை மட்டும் எடுங்கள். புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் வேண்டாம்.

இனி கட்டணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழித்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30. சரியாக 500 யூனிட் என்றால் 235 + 940 + 630, ஆக 1805 ரூபாய்.

500-ஐத் தாண்டியதும் அட்டவணையே மாறுகிறது. 100 யூனிட் இலவசம் தொடரும். ஆனால் 2.35 என்ற சலுகை வீதம் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. அது 1410 ரூபாய். 401 முதல் 500 வரை 630. மீதி 14 யூனிட்டுக்கு 8.40 வீதம் 117.60. மொத்தம் 2157.60. ரசீது சரிதான். அவர் பழைய 2.35-ஐயே போட்டதால் 235 ரூபாய் குறைந்திருக்கிறது.

அப்படியானால் 501-ஆவது யூனிட்டின் விலை 8.40 அல்ல, 243.40 ரூபாய்.

அடுத்து, கணக்கெடுத்த தேதிகளைப் பாருங்கள். இந்த வீட்டில் இரண்டு கணக்கீட்டுக்கும் இடையே 62 நாள். ஒரு நாளைக்குச் சராசரி 8.3 யூனிட். 60-ஆவது நாளில் எடுத்திருந்தால் ஏறக்குறைய 497 யூனிட். கட்டணம் 1786 ரூபாய். இரண்டு நாளில் 372 ரூபாய் வித்தியாசம்! கணக்கெடுக்கத் தாமதமானதாகத் தெரிந்தால், இரண்டு தேதிகளையும் அளவீடுகளையும் எழுதி, பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

500-ஐ ஒட்டிச் செலவாகும் வீடுகள், 50-ஆவது நாளில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 415 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், மீதி நாட்களில் ஏசியைக் கொஞ்சம் குறைத்தாலே எல்லைக்குள் நிற்கலாம். இந்தக் கணக்கு வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். லிப்ட், மோட்டாருக்கான பொது இணைப்புக்கு வீதம் வேறு.