தேடுவதை நிறுத்தியவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். கணக்கு நடத்தக் கூப்பிட்டிருக்கீங்க. வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. பெரிய கணக்கு ஒன்றுமில்லை. மூன்று வகுத்தல்தான். எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் அத்தனை அரசியலும் இருக்கிறது.

ஒரு காலனியை எடுத்துக்கொள்வோம். நிஜமான ஊர் இல்லை, கணக்குக்காக நானே வைத்துக்கொண்டது. அங்கே 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 500 பேர். ஒவ்வொருவரையும் மூன்று சாக்குகளில் ஏதாவது ஒன்றில் போட வேண்டும். கூலிக்குப் போகிறவர், செங்கல் சூளைக்காரர், துப்புரவுப் பணியாளர், பள்ளிக்கூட ஆசிரியர், சொந்தமாக ஆடு வளர்க்கிறவர் எல்லாரும் முதல் சாக்கு, அதாவது வேலையில் இருப்பவர்கள். அவர்கள் 230 பேர். வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டாவது சாக்கு. 20 பேர். மீதி 250 பேர் மூன்றாவது சாக்கு: படிக்கிறவர்கள், முடியாத கிழவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இன்னும் பலர்.

முதல் இரண்டு சாக்கையும் சேர்த்தால் 250. இதற்குப் பெயர் உழைப்புப் படை. இப்போது வகுத்துப் பாருங்கள்.

உழைப்புப் படையை மொத்த 500ஆல் வகுத்தால் 50 சதம். இது பங்கேற்பு வீதம். வேலையில் இருக்கும் 230 பேரை அதே 500ஆல் வகுத்தால் 46 சதம். இது வேலை - மக்கள்தொகை விகிதம். வேலையற்ற 20 பேரை எதால் வகுப்பது? இங்கேதான் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். 500ஆல் வகுத்து 4 சதம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வேலையின்மை வீதத்துக்கு வகுக்கும் எண் உழைப்புப் படை மட்டும்தான். 20ஐ 250ஆல் வகுத்தால் 8 சதம்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கு, குறிச்சுக்குங்க. நூறிலிருந்து வேலையின்மை வீதத்தைக் கழித்து, வருவதைப் பங்கேற்பு வீதத்தோடு பெருக்கி, நூறால் வகுத்தால் வேலை - மக்கள்தொகை விகிதம் வர வேண்டும். 92ஐ 50ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 46. வந்துவிட்டது. பத்திரிகையில் மூன்று எண்ணும் வந்தால் இப்படிப் போட்டுப் பாருங்கள். 2023-24க்கான உழைப்புப் படைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பங்கேற்பு 60.1, வேலை விகிதம் 58.2, வேலையின்மை 3.2. கணக்கு சரியாக நிற்கிறது.

கணக்கு நிற்பது வேறு, அது சொல்வது வேறு. காலனிக்குத் திரும்புவோம். ஒரு வருஷம் போகிறது. வேலை தேடிய 20 பேரில் 10 பேர் அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை கம்பெனி வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது? "முகவரியைக் கேட்டதுமே முகம் மாறிடுதுண்ணே, இனி எதுக்குப் பஸ்ஸுக்குக் காசு" என்று ஒரு பையன் சொல்வான், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவனுக்கு வேலை வேண்டாம் என்றில்லை. நாளைக்கே கூப்பிட்டால் போவான். தேடவில்லை, அவ்வளவுதான். காலனிக்குள் ஒரு புது வேலைகூட வரவில்லை.

மறுபடி எண்ணுவோம். வேலையில் இருப்பவர்கள் அதே 230. வேலையற்றவர்கள் 10. உழைப்புப் படை 240. வேலையின்மை வீதம் 10ஐ 240ஆல் வகுத்தால் 4.2 சதம். எட்டாக இருந்தது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது! மீதி 10 பேரும் நிறுத்திவிட்டால் பூஜ்யம். வேலையின்மையே இல்லாத காலனி என்று பலகை மாட்டிவிடலாம்.

தேடுவதை நிறுத்திய இந்த 10 பேர் மூன்றாவது சாக்குக்குள் போய்விட்டார்கள். மாணவருக்கும் முதியவருக்கும் பக்கத்தில். இவர்களைத்தான் பொருளாதாரக்காரர்கள் மனந்தளர்ந்த தொழிலாளர்கள் என்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்காது. தளர்ந்தது மனசா, தளர்த்தியது யார் என்ற கேள்வி அதில் காணாமல் போகிறது. இருந்தாலும் புழங்குகிற பெயர் அதுதான்.

வேலையின்மை வீதம் மறைத்ததை மற்ற இரண்டும் காட்டுகின்றனவா? பங்கேற்பு 50லிருந்து 48க்கு இறங்கியிருக்கிறது. வேலை விகிதம் 46லேயே நிற்கிறது. ஆக, வேலையின்மை குறைந்தது என்று யாராவது சொன்னால் உடனே வேலை விகிதம் ஏறியதா என்று கேளுங்கள். ஏறவில்லை, பங்கேற்பு மட்டும் இறங்கியது என்றால் யாருக்கும் வேலை கிடைத்து வீதம் குறையவில்லை. ஆட்கள் வரிசையை விட்டு விலகியதால் குறைந்தது.

இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து நம் நாட்டின் கணக்கெடுப்பு முறை மாற்றப்பட்டு, மாதாமாதம் எண்கள் வருகின்றன. 2025 மே மாதத்தில் வேலையின்மை 5.6 சதம். ஜூனிலும் 5.6. தலைப்பை மட்டும் படித்தவர் ஒன்றும் நடக்கவில்லை என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார். உள்ளே பார்த்தால் பங்கேற்பு 54.8லிருந்து 54.2க்கும், வேலை விகிதம் 51.7லிருந்து 51.2க்கும் இறங்கியிருக்கிறது. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால், மே மாதம் 517 பேர் வேலையில் இருந்தார்கள், ஜூனில் 512 பேர். ஐந்து பேர் குறைவு. அந்த ஐந்து பேரும் வேலையற்றோர் வரிசைக்கு வந்திருந்தால் வீதம் ஏறியிருக்கும். வரவில்லை. உழைப்புப் படையே 548லிருந்து 542ஆகச் சுருங்கிவிட்டது. விவசாயப் பருவம், கடும் வெயில், சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவியவர்களில் சிலர் வீட்டு வேலைக்குத் திரும்பியது ஆகியவைதான் காரணம் என்று அமைச்சகம் விளக்கியது. இருக்கலாம். அவர்கள் எல்லாரும் மனந்தளர்ந்தவர்கள் என்று நானும் சொல்லமாட்டேன். நான் சொல்வது, 5.6 என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்த அசைவு எதுவும் தெரியவில்லை என்பதுதான்.

சரி, மனந்தளர்ந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? அமெரிக்காவில் இதற்குக் கறாரான வரையறை வைத்திருக்கிறார்கள். கடந்த நான்கு வாரத்துக்குள் வேலை தேடியிருந்தால்தான் அங்கே ஒருவர் வேலையற்றவர். அப்படித் தேடாதவர், ஆனால் வேலை வேண்டும் என்கிறவர், வரத் தயாராக இருக்கிறவர், கடந்த 12 மாதத்துக்குள் ஒருமுறையாவது தேடியவர், கிடைக்காது என்ற நினைப்பால் நிறுத்தியவர், இத்தனையும் பொருந்தினால்தான் மனந்தளர்ந்தவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்திய பெண் இதில் வரமாட்டார், அவருக்கு வேறு பட்டியல். 12 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் இந்தப் பட்டியலிலிருந்தும் பெயர் விழுந்துவிடும். அதிகமாகத் தளர்ந்தவர் கணக்கிலிருந்து முழுசாக மறைவார் என்று அர்த்தம்.

சேர்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். மேலேயும் கூட்ட வேண்டும், கீழேயும் கூட்ட வேண்டும். நம் காலனியில் 10ம் 10ம் சேர்ந்து 20. கீழே 240ம் 10ம் சேர்ந்து 250. ஆக, பழைய 8 சதம் திரும்பி வருகிறது. மேலே மட்டும் கூட்டி 20ஐ 240ஆல் வகுத்தால் 8.3 வரும். துண்டறிக்கையில் அப்படிப் போட்டால் எதிரில் இருப்பவன் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவான்.

நம் நாட்டில் வரையறை வேறு. இங்கே தேடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாளில் தேடியவருக்கு 81 என்ற எண்ணும், தேடவில்லை ஆனால் வேலைக்குத் தயார் என்கிறவருக்கு 82 என்ற எண்ணும் கொடுக்கிறார்கள். இரண்டும் வேலையற்றோர் கணக்கில்தான் சேரும். காகிதத்தில் பார்த்தால் மனந்தளர்ந்தவருக்கு இடம் கொடுத்த, நம்மைப் போன்ற நாட்டுக்குப் பொருத்தமான வரையறை. அதைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் அந்த 82ஐ யார் எழுத வைப்பது? எல்லாக் கேள்விக்கும் அந்தந்த ஆளே பதில் சொல்வதில்லை. வீட்டில் யார் இருக்கிறாரோ அவர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறார். "மருமக வீட்லதான்யா இருக்கு." பேனா 92க்குப் போகிறது. 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்றால் அதோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பதும் செய்பவர். இரண்டுமே உழைப்புப் படைக்கு வெளியே. அந்தப் பெண் நாத்து நட ஆள் கூப்பிட்டால் போகிறவர்தான். இப்போது கூப்பிட ஆளில்லை. 2011-12இல் நடந்த 68ஆவது சுற்று வரை, வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தால் ஏற்பீர்களா என்று தனியாகக் கேட்டார்கள். கிராமப்புறத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஏற்போம் என்றார்கள். கேட்டால் பதில் வருகிறது. கேட்காவிட்டால் 92தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. வேலை - மக்கள்தொகை விகிதம்தான் நம்பகமானது என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஏழு நாளில் ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். மாமனார் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தவரும் வேலையில் இருப்பவர், எண் 21. 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 23.3 சதம். 2023-24இல் 41.7. இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி சுயதொழிலும் சம்பளமில்லாக் குடும்ப உதவியும்தான். சாக்கடைக்குள் இறங்குகிறவரும் அதிகாரியும் இந்த விகிதத்தில் சமமாக ஒன்று, ஒன்று. என்ன வேலை, என்ன கூலி என்பதற்கு இந்த மூன்று எண்ணிலும் இடமில்லை.

கூலிக்காரச் சனங்களிடம் வேலையின்மை வீதம் குறைவாகவும் பட்டதாரிகளிடம் அதிகமாகவும் வருவது இதனால்தான். சும்மா இருந்து தேட நம்ம ஆத்தாமாருக்கு வசதி ஏது? கிடைத்ததைச் செய்கிறார்கள், முதல் சாக்குக்குள் விழுகிறார்கள். பட்டம் வாங்கிய பிள்ளை காத்திருந்து தேடுகிறது, இரண்டாவது சாக்குக்குள் விழுகிறது. வீதம் குறைவு என்பதால் சேரியில் வேலை பெருகிவிட்டது என்று வாசிக்கக் கூடாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் இதோடு குழப்பாதீங்க. அங்கே வேலையில் இருப்பவரும் பதிந்திருப்பார், படிக்கிறவரும் பதிந்திருப்பார், புதுப்பிக்க மறந்தவர் இருக்கமாட்டார். அது பதிவேடு, வீதம் ஆகாது.

நீங்கள் அடுத்த மாதம் ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். "வேலையில்லையா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாயா, கூலி உண்டா என்று முதலில். இல்லையென்றால் தேடினாயா. தேடவில்லையென்றால், கூப்பிட்டால் போவாயா, கடைசியாக எப்போது தேடினாய், ஏன் நிறுத்தினாய் என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். மாமியாரிடம் கேட்டு மருமகளுக்கு எழுத வேண்டாம், அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்வரை திண்ணையில் உட்காருங்கள்.