முப்பது நாள் கணக்கு
(பொதுத்தேர்வு மாணவர்கள், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய முப்பது நாட்களைப் பற்றி மட்டும் நாம் இங்கே பேச விழைகிறோம். அந்நாட்களில் நம் பிள்ளைகளில் பலர் முதல் பாடத்திலிருந்து மீண்டும் வாசிக்கத் தொடங்குகின்றனர். தெரிந்த பாடங்களிலேயே பாதி நாட்கள் கழிந்துவிடுகின்றன. தெரியாதவை கடைசி வாரத்திற்குத் தள்ளப்படுகின்றன. எங்கிருந்து தொடங்குவது என்பதைப் புத்தகத்தின் வரிசை தீர்மானிக்கலாகாது; மாதிரித் தேர்வின் விடைத்தாளே தீர்மானிக்க வேண்டும்.

முப்பது நாட்களை ஆறு ஆறாகப் பிரித்தால் ஐந்து சுற்றுகள் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள் உழைப்பு, ஆறாம் நாள் ஓய்வு. முதல் சுற்றில் ஐந்து பாடங்களுக்கும் மாதிரித் தேர்வு. பள்ளியில் திருப்புதல் தேர்வு நடக்குமானால் அதுவே போதும். வீட்டில் மறுபடி எழுதத் தேவையில்லை. இரண்டாம், மூன்றாம் சுற்றுகள் பலவீனமான பகுதிகளுக்கு உரியவை. நான்காம் சுற்றில் மீண்டும் மாதிரித் தேர்வு. ஐந்தாம் சுற்றில் பிழைக் குறிப்பேடு மட்டுமே. புதிய பாடம் எதுவும் கூடாது.

வீட்டில் எழுதும்போது மூன்று மணி நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிட வேண்டும். திருத்துவதை மாணவர் அல்லாத வேறொருவர், விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு செய்தல் நலம். அதன் பின்னரே முக்கியமான வேலை தொடங்குகிறது. பெற்ற மதிப்பெண்ணை விட்டுவிட்டு, இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் 100-க்கு 61 பெற்றதாகக் கொள்வோம். இழந்தவை 39. விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால், முக்கோணவியலில் தெரியாமலே விட்டவை 13. அளவியலில் தெரிந்தும் குழம்பியவை 12. கூட்டல், குறிப் பிழைகளால் போனவை 6. நேரமின்றி எழுதாமல் விட்ட வரைபடக் கேள்வி 8. நான்கும் நான்கு வகை நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

வரைபடத்திற்காகப் புதிதாகப் படிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த மாதிரித் தேர்வில் அதையும் வடிவியல் வரைதலையும் முன்னதாக எழுதிப் பார்க்க வேண்டும். அளவியலில் கூம்பின் உயரமும் சாயுயரமும் மாறிப்போயிருந்தன. ஒவ்வொரு கணக்கிற்கும் படம் வரைந்து இரண்டையும் குறித்துவிட்டு, l² = h² + r² என்பதை எழுதிய பின்னரே மேலே செல்லப் பழகினால் இக்குழப்பம் நீங்கும். குறிப் பிழைகள் எந்த வரியில் நேர்ந்தன என்பதைப் பிழைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வழுக்குவது புலப்படும்.

முக்கோணவியலுக்கே அதிக நாட்கள் தேவை. ஆயினும் பாடம் முழுவதையும் பிடித்துவிட எண்ண வேண்டாம். அடிப்படையான மூன்று முற்றொருமைகளையும், ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் பற்றிய கணக்குகளையும் முதலில் முடித்தால் இழந்ததில் ஒரு பகுதி மீளும். நீண்ட நிரூபணங்கள் வரவில்லையெனில் விட்டுவிடலாம். ஐந்து மதிப்பெண் பகுதியில் 14 கேள்விகளுக்குப் பத்து எழுதினால் போதும். அவற்றுள் ஒன்று மட்டுமே கட்டாய வினா.

இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. தீர்வைப் பார்த்துக்கொண்டே படிக்கும்போது எல்லாம் விளங்கியதாகவே தோன்றும். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் அதே கணக்கை முடிக்க முடிகிறதா என்பதே உரைகல். அவ்வாறே நான்காம் சுற்றில் வேறு வினாத்தாளை எழுத வேண்டும். பழைய தாளையே எழுதினால் மதிப்பெண் உயரும், அறிவு உயர்ந்திருக்காது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் தவறினால், தனியே போராடாமல் ஆசிரியரிடம் கேட்பதே வழி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு நாளில் பிள்ளையின் கையில் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். களைத்த மூளை தெரிந்ததையும் தவறாக எழுதும். படித்தது மனத்தில் பதிவதற்கு உறக்கம் தேவை. ஓய்வு நாளுக்கு வேறொரு பயனும் உண்டு. மறுநாள் சுப்ஹுக்குப் பின், முந்தைய ஐந்து நாட்களில் படித்தவற்றைப் பாராமல் எழுதச் சொல்லுங்கள். ஒருநாள் இடைவெளிக்குப் பின்னும் நினைவில் நின்றது எதுவோ அதுவே பிள்ளைக்குச் சொந்தம். நில்லாதது அடுத்த சுற்றின் பட்டியலில் சேரட்டும்.

முப்பதாவது நாளும் ஓய்வு நாளே. அன்று குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு, நுழைவுச்சீட்டு, பேனா, அளவுகோல், கவராயம் ஆகியவற்றை எடுத்து வைத்து, இஷாவுக்குப் பின் பிள்ளையை உறங்க விடுங்கள்.